காசு வாங்கிய வீடியோ என்பதை எப்படிச் சொல்வது? ஒரு சிப்ஸ் ரீலும் ஐந்து வழிகளும்

ஓணம் நெருங்கினால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துச் சிப்ஸ் கடைகளில் அடுப்பு அணைவதே இல்லை. ஏத்தங்காய் சிப்ஸுக்கும் சர்க்கரை வரட்டிக்கும் கிராக்கி ஏறும் அந்த வாரங்களில்தான், இன்ஸ்டாகிராமில் சாப்பாட்டு ரீல் போடும் நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கடைக்காரர்களிடமிருந்து போன் வருகிறது. இரண்டு தரப்புக்கும் நடுவில் இருந்து வசனம் எழுதிக் கொடுப்பது என் வேலை. சிப்ஸைப் பற்றி எழுதுவதில் சிரமம் ஒன்றும் இல்லை. இந்த வீடியோவுக்குப் பணம் வாங்கியிருக்கிறேன் என்பதை எந்த வார்த்தையில், எந்த நொடியில் சொல்வது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் பேச்சு நீள்கிறது.

ஒரு வேலையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வடசேரிப் பக்கம் ஒரு சிப்ஸ் கடை. தக்கலைக்காரப் பெண் ஒருவர் 45 நொடி ரீல் எடுத்துத் தர வேண்டும். 6,000 ரூபாய் பணம், கூடவே இரண்டு கிலோ சிப்ஸ். அவர் அச்சு அசலாகக் குமரித் தமிழில் பேசுகிறவர். அவரைப் பார்ப்பவர்களில் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு, வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களும் உண்டு, வீட்டில் இருக்கும் அத்தைமாரும் உண்டு. கடைக்காரர் வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: "நீ சும்மா கடைக்கு வந்து சாப்பிட்ட மாதிரி இருக்கணும் மக்கா. வெளம்பரம்னு தெரியப்பிடாது."

இந்த நிபந்தனைக்குத் தலையாட்ட முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9 அன்று வெளியிட்ட வழிகாட்டு விதிகளின்படி, விளம்பரம் செய்பவருக்கும் பொருளை விற்பவருக்கும் இடையே பார்வையாளர் எதிர்பார்க்காத தொடர்பு ஏதாவது இருந்தால் அதை முழுமையாகச் சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரி 20 அன்று நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட கையேடு இன்னும் விவரமாகப் போகிறது. அறிவிப்பு எளிய மொழியில் இருக்க வேண்டும். வீடியோ எந்த மொழியோ அந்த மொழியில் இருக்க வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் கலந்துவிடக் கூடாது. வீடியோ என்றால் கீழே எழுதினால் மட்டும் போதாது, காட்சியிலும் வர வேண்டும், குரலிலும் வர வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த விதிகள் நேரத்தையும் குறித்துச் சொல்கின்றன. 15 நொடிக்கு உட்பட்ட வீடியோவில் அறிவிப்பு குறைந்தது 3 நொடி நிற்க வேண்டும். அதற்கு மேல் 2 நிமிடம் வரை உள்ள வீடியோவில் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. நம் 45 நொடி ரீலுக்கு அது 15 நொடி. தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், அடுத்தடுத்துச் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் தோன்றுகிறவரும் இதில் அடக்கம்.

ஆக, சொல்வதா வேண்டாமா என்பதில் பேச்சுக்கே இடமில்லை. எப்படிச் சொல்வது என்பதில்தான் கையாள வழிகள் இருக்கின்றன. நம்மூரில் நடைமுறையில் இருக்கும் ஐந்து வழிகளை இந்தச் சிப்ஸ் ரீலிலேயே வைத்துப் பார்க்கலாம்.

ஆப் தரும் லேபிளை மட்டும் நம்புவது

இன்ஸ்டாகிராமில் பதிவேற்றும்போது ஒரு பொத்தானைத் தட்டிக் கடையின் கணக்கைச் சேர்த்துவிட்டால், பெயருக்கு அருகில் Paid partnership என்று வந்துவிடும். யூடியூபில் ஒரு பெட்டியை டிக் செய்தால் வீடியோ தொடங்கும் முதல் 10 நொடிக்கு Includes paid promotion என்று ஓரத்தில் தெரியும். உழைப்பே இல்லாத வழி. ரீலின் அழகும் கெடாது. பலரும் இதோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் அந்த எழுத்தின் அளவைக் கவனித்துப் பாருங்கள். சாதாரண போனில், கண் முழுவதும் வாணலியில் இருக்கும்போது, பெயரடியில் இருக்கும் பொடி எழுத்தை யாரும் வாசிப்பதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. நம்மூரில் ஒரு ரீல் பிடித்துவிட்டால் அது இன்ஸ்டாகிராமிலேயே தங்காது. டவுன்லோடு ஆகிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும், அங்கிருந்து துபாயில் இருக்கும் மச்சானுக்குப் போகும், திரும்பி இன்னொரு குழுவுக்கு வரும். ஆப் தந்த லேபிள் ஆப்புக்குள் மட்டும்தான். வெளியே வந்த வீடியோவில் அது இருக்காது. குலசேகரத்தில் இருக்கும் அத்தை வாட்ஸ்அப்பில் பார்ப்பது ஒரு பெண் சிப்ஸை ரசித்துச் சாப்பிடுவதை மட்டும்தான். பணம் கைமாறியது என்று அவருக்குச் சொல்ல அந்த வீடியோவில் ஒன்றும் மிச்சமில்லை.

லேபிளைப் போடத்தான் வேண்டும், இரண்டு தளங்களின் விதியும் அதைக் கேட்கிறது. அது மட்டும் போதும் என்று விட்டுவிட முடியாது.

ஹேஷ்டேக் வரிசையில் ஒன்றாக வைப்பது

விளக்கத்தின் கடைசியில் #nagercoil #kanyakumari #onam என்று வரிசையாகப் போட்டு நடுவில் #ad அல்லது #sp என்று செருகுவது இது. ரீலுக்குக் கீழே விளக்கத்தின் தொடக்கம் மட்டுமே தெரியும், மீதியைப் பார்க்கத் தட்ட வேண்டும். தட்டினாலும் அந்த இரண்டெழுத்து என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். 2017-ல் வெளியான ஓர் ஆய்வு இன்ஸ்டாகிராம் பதிவுகளில் SP, Sponsored, Paid Ad ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தது. Paid Ad என்று நேராகப் போட்டபோதுதான் விளம்பரம் என்று மக்கள் நன்றாக அடையாளம் கண்டார்கள். ஆங்கிலம் வாசிப்பவர்களிடத்திலேயே இரண்டெழுத்துச் சுருக்கம் எடுபடவில்லை என்றால், தமிழ் ரீலில் அது எடுபடும் என்று எதிர்பார்க்க முடியாது. கையேடும் இதை ஏற்காது. இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

நன்றி சொல்லி நகர்வது

"சிப்ஸ் அனுப்பித் தந்த கடைக்காரவங்களுக்கு ரொம்ப நன்றி." நான் எழுதிக் கொடுக்கும் வசனங்களில் பெண்கள் அதிகம் கேட்டு வாங்க நினைப்பது இந்த வாசகத்தைத்தான். காரணம் புரிகிறது. மரியாதையாக இருக்கிறது, வாயில் தடங்கல் இல்லாமல் வருகிறது, கடைக்காரருக்கும் மனம் நிறைகிறது. ஒன்று கிடைத்தால் நன்றி சொல்வது நம் பழக்கம் என்பதால் கேட்கிறவருக்கும் உறுத்தாது.

அந்த உறுத்தாமையை எதைக் கொடுத்து வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். இந்த வாசகத்தைக் கேட்ட ஒருவரிடம், "இவளுக்கு என்ன கிடைச்சிருக்கும்?" என்று கேளுங்கள். "ரெண்டு பாக்கெட் சிப்ஸ் குடுத்திருப்பாவ" என்பார். 6,000 ரூபாய் அவர் நினைப்பிலேயே வராது. வாசகத்தில் பொய் எதுவும் இல்லை, கேட்டவர் மனதில் உருவான கணக்கு மட்டும் தவறு. பாதியைச் சொல்லி மீதியை மறைத்தால் பார்வையாளர் தானாக அந்தத் தவறான கணக்குக்குப் போய்ச் சேர்கிறார். நன்றி வாசகத்தின் அபாயம் இதுதான். பணம் வாங்கிய வீடியோவுக்கு இதை நான் எழுதித் தருவதில்லை.

பணமே இல்லாமல் சிப்ஸ் மட்டும் வந்திருந்தால் நிலைமை மாறுகிறது. அப்போது இந்த வாசகத்தைச் சிறிது திருத்தினால் போதும்: "இந்தச் சிப்ஸ் நான் பைசா குடுத்து வாங்கல, கடைக்காரவ இலவசமா தந்தது." நன்றியை அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். கேட்காமலே வீட்டுக்கு அனுப்பி வைத்த பொருளாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும் என்பது கையேட்டில் தெளிவாக இருக்கிறது. "நான் கேக்கவே இல்ல, அவங்களா அனுப்பினாங்க" என்பது விதிவிலக்கு ஆகாது.

கொலாப், ஸ்பான்சர், இணைந்து வழங்கும்

சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் கூட்டத்துக்குத் தடை இல்லை. கையேட்டில் ஏற்கத்தக்க சொற்களாக விளம்பரம், ஸ்பான்சர்டு, கொலாபரேஷன், பெய்டு ப்ரோமோஷன் எல்லாம் இருக்கின்றன. அதனால் "கடையோட ஒரு கொலாப்" என்று சொல்லிவிட்டால் விதி நிறைவேறியது என்று பலர் நினைக்கிறார்கள்.

நம் பார்வையாளர் அந்தச் சொல்லை எப்படிக் கேட்கிறார் என்பதுதான் என் தயக்கம். இரண்டு யூடியூபர்கள் சேர்ந்து ஒரு வீடியோ எடுத்தாலும் அது கொலாப்தான். இன்ஸ்டாகிராமிலேயே இரண்டு கணக்குகள் சேர்ந்து ஒரே பதிவைப் போடும் வசதிக்கும் அதே பெயர். ஆகவே அதைக் கேட்கும் கல்லூரிப் பிள்ளைக்கு இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரியும், பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்பது தெரியாது. அத்தைக்கு அதுவும் தெரியாது.

ஸ்பான்சர் என்ற சொல்லோடு நம்மூருக்குப் பழக்கம் அதிகம், அதனாலேயே குழப்பமும் அதிகம். கால்பந்துப் போட்டிக்குக் கோப்பை தருகிறவர் ஸ்பான்சர். திருவிழாவில் கச்சேரிக்குப் பணம் போடுகிறவர் ஸ்பான்சர். வளைகுடாவில் விசா தருகிறவரும் ஸ்பான்சர்தான். முதல் இரண்டிலும் பணம் தந்தவருக்குப் பெயர் மட்டும்தான் கிடைக்கிறது. யார் கோல் அடிக்க வேண்டும் என்று கோப்பை தந்தவர் சொல்வதில்லை. "இந்த ரீலின் ஸ்பான்சர்" என்று கேட்கும்போதும் அதே பொருள்தான் மனதில் வரும்: கடைக்காரர் செலவுக்கு உதவியிருக்கிறார், பேச்சு அவள் பேச்சு. ஆனால் இங்கே கடைக்காரர் காசு கொடுத்திருப்பது அந்தப் பேச்சுக்கேதான். நிகழ்ச்சிக்கு முன்னால் "வழங்குவோர்" என்று டிவியில் கேட்ட பழக்கத்தால் "இணைந்து வழங்கும்" என்பதும் இதே பொருளைத்தான் தருகிறது.

வேறு வகை வீடியோ ஒன்றுக்கு ஸ்பான்சர் என்பது சரியாகவே பொருந்தும். அந்தப் பெண் கீரிப்பாறை போய்வந்ததைப் பத்து நிமிட யூடியூப் வீடியோவாகப் போடுகிறார், நடுவில் ஒரு நிமிடம் சிப்ஸ் கடையைப் பற்றிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே "இந்த வீடியோவுக்கு ஸ்பான்சர் இன்ன கடை, அடுத்த ஒரு நிமிஷம் அவங்க விளம்பரம்" என்றால் கேட்கிறவருக்கு எது பயணம், எது விளம்பரம் என்று எல்லை தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடம் முழுவதும் திரையில் அறிவிப்பு நின்றால் 2 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவுக்கான விதியும் நிறைவேறும். முழு ரீலும் சிப்ஸைப் பற்றியே இருக்கும்போது இந்தச் சொல் கைகொடுக்காது.

விளம்பரம் என்று எழுதி, பேச்சில் விவரம் சொல்வது

நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். இது இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்வது. திரையில் "விளம்பரம்" என்ற ஒற்றைச் சொல். வாயில், அவரவர் பேச்சுத் தமிழில், என்ன வாங்கினோம் என்ற ஒரு வாக்கியம். எழுத்து தெளிவைப் பார்த்துக்கொள்ளும், பேச்சு இயல்பைப் பார்த்துக்கொள்ளும். ஒன்றே இரண்டையும் செய்ய வேண்டும் என்று கேட்கும்போதுதான் வாசகம் சிதைகிறது.

பேச்சு வாசகத்தைக் கட்டும்போது முதலில் வந்து நிற்பது அரசாங்க அறிவிப்புத் தமிழ்: "இக்காணொளி கட்டண விளம்பரத்தைக் கொண்டுள்ளது." பொருள் சரி. ஆனால் அதுவரை "மக்களே, இங்க பாருங்க" என்று பேசிக்கொண்டிருந்த பெண் திடீரென்று இப்படிப் பேசினால், கேட்கிறவர் காது அதை மருந்து விளம்பரத்தின் கடைசி வேக வாசிப்பைப் போல ஒதுக்கிவிடும். அடுத்து வருவது "இது ஒரு பெய்டு ப்ரோமோஷன் மக்களே." இளையவர்களுக்குப் புரியும், வாயிலும் வரும். ரீல் பார்க்கிறவர்கள் எல்லாரும் இளையவர்கள் என்றால் இதுவே போதும். இந்த ரீலுக்குப் பார்வையாளர்கள் அப்படி இல்லை.

நான் எழுதித் தரும் வாசகம் இது:

"மக்களே, இந்த வீடியோ எடுக்கதுக்குக் கடைக்காரவ எனக்குப் பைசா தந்திருக்காவ. சிப்ஸும் அவங்க தந்ததுதான்."

நிதானமாகப் பேசினால் ஐந்து அல்லது ஆறு நொடி. அதில் புரியாத ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று தக்கலைச் சந்தையில் மீன் வாங்க வரும் யாரிடமும் கேட்கலாம். பணமும் சொல்லப்படுகிறது, பொருளும் சொல்லப்படுகிறது. எவ்வளவு பணம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, அதை நான் சேர்ப்பதும் இல்லை. தொகையைக் கேட்டால் பேச்சு அதிலேயே போய்விடும்.

இதற்குப் பிறகு பலர் ஒரு வாக்கியம் சேர்க்க ஆசைப்படுகிறார்கள்: "ஆனா நான் சாப்பிட்டுப் பாத்துட்டு உள்ளதை உள்ளபடிதான் சொல்லுகேன்." கேட்க நன்றாக இருக்கிறது. அதைச் சேர்க்கலாமா என்பதற்கு ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். வீடியோவை வெளியிடும் முன் கடைக்காரர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், பிடிக்காததை வெட்டச் சொல்லலாம் என்று பேசியிருந்தால் அந்த வாக்கியம் உண்மை இல்லை. பணம் வாங்கியதை ஒப்புக்கொண்ட நேர்மையை வைத்தே பொய் ஒன்றை நம்ப வைப்பதாக ஆகிவிடும். கடைக்காரருக்குத் திருத்தும் உரிமை இருந்தால் அந்த வரியை எடுத்துவிடச் சொல்வேன். அவர் எதிலும் தலையிடுவதில்லை என்று ஒத்துக்கொண்டிருந்தால் தாராளமாகச் சொல்லலாம். எப்படியானாலும் அந்தப் பெண் உண்மையில் சாப்பிட்டிருக்க வேண்டும், சொல்வது அவர் கருத்தாகவே இருக்க வேண்டும். 2022 விதிகள் அதையும் தனியாகக் கேட்கின்றன.

எந்த நொடியில், திரையில் எங்கே

வாசகம் முடிவானதும் அடுத்த சண்டை இடத்தைப் பற்றி. கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்பார் கடைக்காரர். கடைசி வரை எல்லாரும் பார்ப்பதில்லை, பார்க்கிறவர்களும் அதற்குள் சிப்ஸைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருப்பார்கள். முதல் நொடியிலேயே பேசினால் கட்டைவிரல் அடுத்த ரீலுக்குத் தள்ளிவிடும் என்ற பயம் அந்தப் பெண்ணுக்கு. அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு. அதனால் நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்று: சிப்ஸைப் புகழும் முதல் சொல்லுக்கு முன்னால் வாசகம் வந்துவிட வேண்டும்.

ரீலை இப்படி அடுக்கலாம். முதல் மூன்று நொடி பேச்சே இல்லை. சீவிய ஏத்தங்காய் நேராகத் தேங்காய் எண்ணெய்க்குள் விழுகிறது, வெந்து வரும்போது உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரை மாஸ்டர் எண்ணெயிலேயே தெளிக்கிறார், சடசடவென்று பொங்குகிறது. அந்தச் சத்தத்துக்கு யாரும் விரலைத் தள்ளமாட்டார்கள். திரையில் "விளம்பரம்" முதல் நொடியிலிருந்தே இருக்கிறது. மூன்றாவது நொடியில் அந்தப் பெண்ணின் முகம், மேலே எழுதிய வாசகம். ஒன்பதாவது நொடியில் தொடங்கி ஒரு துண்டை ஒடித்துக் காட்டுகிறார், எவ்வளவு கனம், எந்த எண்ணெய், ஒரு கிலோ என்ன விலை, வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படிப் போவது என்று சொல்கிறார். எழுத்து குறைந்தது 15 நொடி நின்றால் விதிக்குப் போதும். 45 நொடியும் அதை விட்டுவிடுவதே என் விருப்பம், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் வெட்டி அனுப்புகிறவர் எந்தத் துண்டை வெட்டுவார் என்று தெரியாது.

எழுத்தை எங்கே வைப்பது என்பதில் நிறையப் பேர் சறுக்குவதைப் பார்க்கிறேன். எடிட்டிங் ஆப்பில் கீழே அழகாக வைத்திருப்பார்கள். ரீலாக வெளியான பின் அந்த இடத்தில் கணக்கின் பெயரும் விளக்கமும் ஏறி உட்கார்ந்துவிடும். வலது ஓரத்தில் லைக், கமெண்ட் பொத்தான்கள். மேல் விளிம்பும் சில போன்களில் மறையும். ஆக, மேலிருந்து சிறிது இறக்கி இடப்பக்கம் வைப்பதே பாதுகாப்பு. நிறமும் முக்கியம். சிப்ஸ் மஞ்சள், எண்ணெய் மஞ்சள், வெளிச்சமும் மஞ்சள். அதன் மேல் வெள்ளை எழுத்து போட்டால் கரைந்துபோகும். எழுத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பட்டை போதும். போட்டு முடித்ததும் போனைக் கை நீட்டிப் பிடித்து, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, ஒருமுறை பாருங்கள். வாசிக்க முடியவில்லை என்றால் பெரிதாக்க வேண்டும்.

குரலைப் பற்றியும் ஒன்று. மற்ற வசனங்களுக்கு ஒரு வேகம், இந்த வாசகத்துக்கு மட்டும் ஒன்றரை மடங்கு வேகம் என்று எடிட் செய்பவர்கள் இருக்கிறார்கள். பின்னணி இசையை அந்த இடத்தில் மட்டும் ஏற்றுபவர்களும் உண்டு. கேட்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும், நல்ல வாசகமும் அதனால் வீணாகும். நிறையப் பேர் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பதால் இதே வாசகத்தை எழுத்தாகவும் திரையில் ஓடவிடுவது நல்லது.

விளக்கத்தின் முதல் வரியும் இதே வேலையைச் செய்ய வேண்டும். "ஓணம் வந்தாச்சு, சிப்ஸ் இல்லாம எப்படி" என்று தொடங்கி இரண்டு பத்தி கழித்து அறிவிப்பு வைத்தால் யாரும் அதைத் தட்டித் திறந்து பார்க்கப் போவதில்லை. "விளம்பரம்: ஓணத்துக்கு வடசேரி ஏத்தங்காய் சிப்ஸ்" என்று முதல் சொல்லிலேயே வந்துவிட்டால், மீதியை அவர் இஷ்டம்போல் எழுதிக்கொள்ளலாம்.

கடைக்காரரின் கவலை

"பைசா வாங்கினேன்னு அவளே சொன்னா, பின்ன எவன் நம்புவான்?" இது நியாயமான கேள்வி, இதற்குப் பதில் சொல்லாமல் வாசகத்தை அவர் தலையில் கட்டக் கூடாது. நான் சொல்வது இதுதான்: அண்ணாச்சி, அவள் சொல்வதை வைத்து நம்ப வேண்டிய இடத்தைக் குறைத்துவிடுவோம். "செம டேஸ்ட், வேற லெவல்" என்பதை நம்புவதற்கு அவளை நம்ப வேண்டும். எண்ணெய் டின்னைக் காட்டி, காய் சீவுவதைக் காட்டி, விலைப் பலகையைக் காட்டினால் கண்ணால் பார்த்ததை நம்பினால் போதும். விளம்பரம் என்று தெரிந்த பிறகும் விலை விலைதான், கனம் கனம்தான். பாராட்டு மட்டுமே இருக்கும் ரீல்தான் அறிவிப்பு வந்ததும் வலுவிழக்கும். அந்தக் கவலை அறிவிப்பைப் பற்றியது என்று தோன்றினாலும், உண்மையில் வசனத்தில் சரக்கு குறைவாக இருப்பதைப் பற்றியது.

சிலர் அப்போது, "தேங்காய் எண்ணெய், உடம்புக்கு நல்லதுன்னு சேத்துக்கோ" என்பார்கள். அதைச் சேர்ப்பதில்லை. விளம்பரம் என்று சொல்லிவிட்டதால் அப்படிப்பட்ட உரிமைகோரலுக்கு மன்னிப்பு கிடைத்துவிடாது. உடல்நலம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு 2023 ஆகஸ்டில் தனி விதிகளே வந்திருக்கின்றன.

ஆளும் உறவும் மாறும்போது

இதே ரீல், ஆனால் கடை அந்தப் பெண்ணின் தாய்மாமாவுடையது என்று வையுங்கள். பணம் வாங்கவில்லை. அப்போதும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்ப உறவும் கையேடு சொல்லும் தொடர்புகளில் ஒன்று. இங்கே வாசகம் தானாகவே இனிக்கும்: "இது எங்க மாமா கடையாக்கும்." இதைவிட இயல்பான அறிவிப்பு இருக்க முடியாது, பார்வையாளரும் அதற்கேற்ப எடுத்துக்கொள்வார்.

தள்ளுபடிக் குறியீடு தந்து, விற்பனைக்கு ஏற்பக் கமிஷன் வாங்கும் ஏற்பாடு என்றால் "இந்தக் கோடு போட்டு வாங்கினா உங்களுக்குப் பத்து சதவீதம் குறையும், எனக்கும் ஒரு பங்கு கிடைக்கும்" என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் சொல்வதுதான் எங்கும் நடக்கிறது. ஸ்டோரியாகப் போட்டால் ஒவ்வொரு ஸ்டோரியிலும் பட்டை வேண்டும், மூன்றாவதை மட்டும் பார்க்கிறவருக்கு முதலாவது தெரியாது. கடையிலிருந்து நேரலை போட்டால் பட்டை முழு நேரமும் திரையில் நிற்க வேண்டும், நடுவில் புதிதாக வருகிறவர்களுக்காக இடையிடையே வாயாலும் சொல்லிக்கொள்வது நல்லது.

எந்த வாசகத்தை எடுத்தாலும் வெளியிடும் முன் ஒரு சோதனை வைக்கச் சொல்வேன். இந்தத் தொழிலோடு தொடர்பே இல்லாத ஒருவரிடம், முடிந்தால் கொஞ்சம் வயதான ஒருவரிடம், போனைக் கொடுத்து ஒரே ஒருமுறை ரீலைக் காட்டுங்கள். நிறுத்தவும் வேண்டாம், திரும்பக் காட்டவும் வேண்டாம். பிறகு, "சிப்ஸ் எப்படி இருக்கும்னு தோணுது?" என்று கேட்டுவிட்டு, "இவளுக்குக் கடைக்காரவ பைசா குடுத்தாவளா?" என்று கேளுங்கள். "ஆமா, அவளே சொன்னாளே" என்று உடனே வந்தால் சரி. "குடுத்திருப்பாவளோ?" என்று இழுத்தால், எழுத்தின் அளவையோ வாசகத்தின் இடத்தையோ மாற்றி இன்னொருவரிடம் காட்ட வேண்டும். முதலில் பார்த்தவர் இனி உதவ மாட்டார், அவருக்குத்தான் விடை தெரிந்துவிட்டதே.

கடைசியாக ஒப்பந்தத்தில், அது வாட்ஸ்அப் செய்தியாகவே இருந்தாலும், இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, வாசகத்தையும் பட்டையையும் நீக்கச் சொல்லக் கூடாது. இரண்டு, கடைக்காரர் தன் பக்கத்திலோ ஸ்டேட்டஸிலோ போடும்போது மூன்றாவது நொடியிலிருந்து ஒன்பதாவது நொடி வரையுள்ள பகுதியை வெட்டக் கூடாது. வெட்டிவிட்டால் காசு வாங்கிப் பேசிய பெண், தானாகக் கடைக்கு வந்த வாடிக்கையாளர் போல ஆகிவிடுவார். பயோவில் "கொலாபுக்கு அணுகவும்" என்று எழுதியிருப்பதை இதற்கெல்லாம் ஈடாகக் காட்ட முடியாது. அடுத்த வாரம் அதே கடைக்குச் சர்க்கரை வரட்டி ரீல் எடுத்தாலும் பட்டையும் வாசகமும் அதிலும் புதிதாக வர வேண்டும்.